அந்த அறையை யார் போய்ப் பார்த்தது?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியர்களைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார்கள் என்று பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நாங்கள் இன்று பேச எடுத்துக்கொண்டது ஒரு கட்டிலும் ஒரு மேசையும் உள்ள சிறிய அறையைப் பற்றி. நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலத்தைத் தாண்டிப் படிக்கப் போகும் பிள்ளை, தெரியாத நகரத்தில் முதன்முதலாகத் தலைசாய்க்கும் அறை அது. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளுக்கு எங்கள் சங்கம் பரிசு கொடுக்கிறது, புலமைப்பரிசில் கொடுக்கிறது. அந்தப் பிள்ளை எங்கே தங்கப் போகிறாள் என்ற கேள்வியை மட்டும் தகப்பனிடமும் தாயிடமும் விட்டுவிடுகிறோம். அவர்களோ பெரும்பாலும் அந்த நகரத்தை அறியாதவர்கள்.

முதலில், யாருக்கு அறை தேவைப்படுகிறது என்று பார்ப்போம். பல்கலைக்கழகம் கிடைத்துவிட்டால் விடுதியும் கிடைத்துவிடும் என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலாம் வருடத்தினருக்கும் இறுதி வருடத்தினருக்குமே விடுதியில் முன்னுரிமை உண்டு. நடு வருடங்களில் பிள்ளை வெளியே அறை தேட வேண்டி வருகிறது. கணக்கியல், கணினி, தாதியர் பயிற்சி என்று தனியார் நிறுவனங்களில் படிக்கப் போகிறவர்களுக்கு அநேகமாக முதல் நாளிலிருந்தே விடுதி இல்லை. இவர்களில் கொழும்புக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளவத்தையில்தான் அறை தேடுகிறார்கள். காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் மாடிவீட்டு அறைகளும் அனெக்ஸ்களும் நிறைய உண்டு. தமிழ்க் கடைகள் உண்டு, கோயில் உண்டு, மட்டக்களப்பு பஸ்ஸும் அங்கேயே வந்து நிற்கும்.

அறை தெரிவில் தவறு நடப்பது எப்படி என்று எங்கள் காலத்திலிருந்து இன்றுவரை பார்த்து வந்திருக்கிறோம். காரணம் ஒன்றுதான். எல்லாம் ஒரே நாளில் முடிவாகிறது. இரவு பஸ் விடிவதற்கு முன்பே கொழும்பில் இறக்கிவிடுகிறது. தகப்பனுக்கு இரண்டு நாள் லீவு. கையில் பெட்டி, தலையணை, வாளி. அன்று இரவு பஸ்ஸில் அவர் திரும்பியாக வேண்டும். காலை பத்து மணிக்குப் பார்த்த மூன்றாவது அறையை மத்தியானம் எடுத்துவிடுகிறார்கள். பகல் பத்து மணிக்கு எந்த அறையும் நல்ல அறைதான். வெளிச்சம் இருக்கும், தண்ணீர் வரும், மற்றப் பிள்ளைகள் வகுப்புக்குப் போயிருப்பார்கள், வீடு அமைதியாக இருக்கும்.

ஆகவே எங்கள் முதல் யோசனை, தங்கும் இடத்தை இரண்டாகப் பிரியுங்கள் என்பது. முதல் இரண்டு வாரத்துக்கு ஒரு தற்காலிக இடம். அது பழைய மாணவி ஒருவரின் வீடாக இருக்கலாம், வை.டபிள்யு.சி.ஏ. போன்ற பெண்கள் விடுதியாக இருக்கலாம், கன்னியர் மடம் நடத்தும் விடுதியாகவும் இருக்கலாம். நாள் கணக்கில் பார்த்தால் கூலி கொஞ்சம் கூடத்தான். அந்த இரண்டு வாரத்தில் பிள்ளை வகுப்புக்குப் போய்வருவாள், எந்த பஸ் எந்த நேரம் நிறைந்து வருகிறது என்று அறிவாள், தன்னோடு படிக்கிறவர்களிடம் அவர்கள் தங்கும் வீடுகளைப் பற்றிக் கேட்பாள். அதன் பின் எடுக்கும் அறையே நிலைக்கும். மூன்று மாத முற்பணத்தைக் கட்டிவிட்டு ஐந்தாம் வாரத்தில் வெளியேறுவதோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு சிறியது.

இரண்டாவது யோசனை, அறையை இரண்டு தரம் பார்ப்பது. ஒரு தரம் பகலில். மறு தரம் இரவு ஏழு மணிக்குப் பின், பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே போய்ப் பார்க்க வேண்டும். பிள்ளை கடைசி வகுப்பு முடிந்து வரப்போகும் பாதை அதுதான். ஒழுங்கையில் வீதி விளக்கு எரிகிறதா, கடை ஏதும் திறந்திருக்கிறதா, கேற்றைத் திறக்க எவ்வளவு நேரம் வெளியே நிற்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது கதவு. அறைக் கதவுக்கு உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் இருக்கிறதா? வெளிப்பூட்டுக்கு எத்தனை திறப்பு, அவை யார் யாரிடம் இருக்கின்றன? வீட்டுக்காரரிடம் ஒரு திறப்பு இருப்பது வழமைதான். பிள்ளை இல்லாத நேரம் அதைப் பாவிப்பாரா என்று நேரே கேட்டுவிட வேண்டும். "தண்ணிக் குழாய் பார்க்க, விளக்குப் போட வருவோம்" என்று பதில் வந்தால், "சொல்லிப்போட்டு வாங்க அங்கிள்" என்று அப்போதே மரியாதையாகச் சொல்லிவிடலாம். அந்தச் சொல்லுக்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். தனக்கென்று ஒரு சிறிய தாழ்ப்பாளைப் பூட்டிக்கொள்ளப் பிள்ளை அனுமதி கேட்டு, அதை மறுக்கும் வீட்டை நாங்கள் எடுக்கச் சொல்ல மாட்டோம்.

அடுத்தது வெளியேறும் வழி. நகரத்து மாடிவீடுகளில் யன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி. இரவில் கீழ்க் கேற்றுக்கு மாப்பூட்டு. கள்ளனுக்குப் பயந்து செய்த ஏற்பாடு, தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்களுக்குப் பொறியாகிவிடும். நள்ளிரவில் வீட்டுக்காரரை எழுப்பாமல் பிள்ளை தானே திறந்து வெளியே வர முடியுமா என்று கேளுங்கள். அறைக்குள்ளேயே சமைக்கும் இடமாக இருந்தால், காஸ் சிலிண்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் பல வீடுகளில் அடுப்புகள் வெடித்த செய்திகளை நாம் எல்லோரும் படித்தோம். சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு பரவித் தேங்கும். சுவரின் மேலே இருக்கும் காற்றுத் துவாரம் அதை வெளியேற்றப் போதாது. படுக்கும் அறைக்குள், அதுவும் நிலத்தில் பாய் போட்டுப் படுக்கும் அறைக்குள், சிலிண்டர் இருக்கவே கூடாது. மணம் வந்தால் விளக்கையோ மின்விசிறியையோ தொடாமல் றெகுலேற்றரை மூடி, கதவைத் திறந்துவிட்டு வெளியே வர வேண்டும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

மூன்றாவது, வைத்தியர்களாக நாங்கள் அழுத்திச் சொல்வது, குளியலறையும் மலசலகூடமும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை. ஒருவருக்கு இருபது நிமிடம் என்றால் இரண்டு மணித்தியாலம். எட்டு மணி வகுப்புக்கு ஏழே காலுக்கு வெளிக்கிட வேண்டும். அப்படியென்றால் முதலாவது பிள்ளை ஐந்தே காலுக்குள் போக வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு நேரமும் இல்லை, சில நாட்களில் தாங்கியில் தண்ணீரும் இல்லை. மலசலகூடம் வெளியே இருந்தாலோ, கதவு சரியாகப் பூட்டாவிட்டாலோ, பிள்ளை இரவில் போவதைத் தவிர்ப்பாள். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பாள். சில மாதத்தில் சலக்கடுப்போடு எங்களிடம் வருவாள். எரிவு, அடிவயிற்று நோவு, அடிக்கடி போக வேண்டும் போன்ற உணர்வு. இவற்றோடு காய்ச்சலும் நடுக்கமும் முதுகுப் பக்க நோவும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம்வரை போயிருக்கலாம். பனடோல் போட்டுப் படுக்கும் விடயமல்ல அது. இப்படி வரும் பிள்ளைகளிடம் நாங்கள் மருந்து எழுதுவதற்கு முன் கேட்கும் கேள்வி, "மகள், நீங்கள் தங்குகிற இடத்தில் ரொயிலற் எங்கே இருக்கிறது?" என்பது. பதிலில் பாதி நோயின் காரணம் இருக்கும். ஒரு குளியலறைக்கு நான்கு பேருக்கு மேல் என்றால் யோசியுங்கள்.

நான்காவது, கூட இருப்பவர். தனியறை கிடைத்தால் நல்லது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். முதல் வருடத்தில் இருவர் சேர்ந்திருக்கும் அறையையே நாங்கள் விரும்புவோம். டெங்குக் காய்ச்சல் கொழும்பில் எந்த வருடமும் உண்டு. அந்தக் காய்ச்சலில் ஆபத்தான நேரம், சூடு இறங்கி "இனிச் சுகம்" என்று நோயாளி நினைக்கும் நேரம்தான். அந்த நேரத்தில் வயிறு கடுமையாக நோகிறதா, விடாமல் சத்தி வருகிறதா, பிள்ளை சோர்ந்து மயங்கிக் கிடக்கிறாளா, முரசில் இரத்தம் வருகிறதா என்று பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஒருவர் வேண்டும். தனியே கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருக்கும் பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இனிக் காசும் கடதாசியும். மாத வாடகை 15,000 ரூபாய், முற்பணம் மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளில் முதல் மாத வாடகையோடு 60,000 ரூபாய் கைமாறுகிறது. பெரும்பாலும் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லாமல் மாறுகிறது. ஒரு பக்கத்தில் ஐந்து விடயம் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். வாடகை எவ்வளவு, முற்பணம் எவ்வளவு, வெளியேறுவதற்கு எத்தனை நாள் முன் சொல்ல வேண்டும், முற்பணத்தில் எதைக் கழிக்கலாம், மின்சாரக் கட்டணம் எப்படிப் பிரிகிறது. இந்தக் கடைசி விடயத்தில்தான் அதிகம் பிணக்கு வருகிறது. எங்கள் நாட்டு மின் கட்டணம் அலகு கூடக் கூட, அலகின் விலையும் கூடும் முறையிலானது. நான்கு அறை ஒரே மீற்றரில் ஓடினால் எல்லோரும் மேல் விலையில் கட்ட வேண்டி வரும். அறைக்குத் தனி மீற்றர் உண்டா, இல்லாவிட்டால் தலைக் கணக்கா அலகுக் கணக்கா என்று முதலிலேயே கேட்க வேண்டும். காசைக் கையில் கொடுக்காமல் வங்கி மூலம் கொடுத்தால் சான்று தானாக வந்துவிடும்.

கடதாசி என்பது காசுக்காக மட்டுமல்ல என்பதை எங்கள் தலைமுறை மறக்காது. போர்க்காலத்தில் கொழும்பில் அறை எடுத்தால் பொலிஸ் பதிவு எடுக்க வேண்டும். அடையாள அட்டையோடு அந்தப் பதிவையும் மடித்து வைத்துக்கொண்டு திரிந்தவர்கள் இந்த மண்டபத்தில் பலர் இருக்கிறீர்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி, வெள்ளவத்தை உள்ளிட்ட கொழும்புப் பகுதிகளின் லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 300க்கும் மேற்பட்டோரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். கொழும்பில் நிற்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்பது சொல்லப்பட்ட நியாயம். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றம் போனது. அடுத்த நாளே நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அந்தக் காலம் போய்விட்டது. ஆனாலும் "நான் இங்கே, இந்த விலாசத்தில், இன்ன காரணத்துக்காக வசிக்கிறேன்" என்று காட்ட ஒரு எழுத்து இருப்பது எந்தப் பெண்ணுக்கும் பலம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போனாலும், வங்கிக் கணக்குத் திறக்கப் போனாலும் அந்த விலாசத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கும் ஒரு சொல். இங்கிருந்து லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ படிக்க வரும் பிள்ளைக்கு நாம் வழமையாகச் செய்வது, தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை பார்த்துக் கொடுப்பது. அது நல்ல வழிதான். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. இங்கிலாந்தில் சாதாரண வாடகைக் குடியிருப்பாளரின் முற்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் பதிந்தாக வேண்டும். வீட்டுக்காரரோடு அதே வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒன்ராறியோவில் வீட்டுக்காரர் ஒரு மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்க முடியாது, அந்தக் காசும் கடைசி மாத வாடகைக்கே போக வேண்டும். ஆனால் குசினியையோ குளியலறையையோ வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ளும் பிள்ளைக்கு அந்த வாடகைச் சட்டமே பொருந்தாது. எங்கள் ஆட்களின் வீடு என்று நம்பிப் போகும் அறையில்தான் சட்டத்தின் கை எட்டாமல் போகிறது. ஆகவே தெரிந்தவர் வீடு என்றால் எழுத்து தேவையில்லை என்று நினைக்காதீர்கள். அங்கேதான் எழுத்து கூடத் தேவை. நாட்டை விட்டுப் புறப்படுமுன், படத்தை மட்டும் பார்த்து, முழு முற்பணத்தையும் அனுப்பவும் வேண்டாம். அந்த நகரத்தில் இருக்கும் ஒருவர் போய்க் கதவைத் திறந்து பார்த்த பிறகு அனுப்பலாம்.

இதே விடயம் எங்கள் வாசலிலும் இருக்கிறது. கல்லடியிலுள்ள சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மலையகத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் அயலில்தான் அறை எடுக்கிறார்கள். வாடகைக்குக் கொடுப்பவர்களில் எங்கள் பழைய மாணவிகளும் உண்டு. வெள்ளவத்தையில் எங்கள் பிள்ளைக்கு எதைக் கேட்கிறோமோ, அதை நாவற்குடாவில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு நாமே கொடுக்க வேண்டும். உள்தாழ்ப்பாள் ஒன்று, முற்பணத்துக்கு ரசீது ஒன்று, சொல்லிவிட்டு அறைக்குள் போகும் பழக்கம். இவற்றுக்குப் பெரிய செலவில்லை.

இறுதியாக, எல்லாம் பார்த்து எடுத்த அறையிலும் பிரச்சினை வரலாம். பல்கலைக்கழக விடுதியிலும் வரலாம். 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் பிறகு எழுந்து நடக்கவேயில்லை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. கல்வி நிறுவனத்துக்கு வெளியே நடந்தாலும் அது குற்றம்தான், ஆகவே வாடகை அறையில் நடப்பதும் அதில் அடங்கும். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938. அவசரத்துக்குப் பொலிஸ் 119.

இந்த இலக்கங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர்கள் பேசுவதில்லை. ஏனென்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். "வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிப்பாட்டிக் கூட்டிட்டுப் போயிருவாங்க." வீட்டுக்காரரின் மகன் படிக்கட்டில் நின்று பார்க்கிறான், குளியலறை யன்னலில் ஓட்டை இருக்கிறது, கூட இருப்பவள் காசு எடுக்கிறாள் என்பதையெல்லாம் மாதக்கணக்கில் மறைப்பது இதனால்தான். பிள்ளையிடம் இதற்குச் சில அடையாளங்கள் உண்டு. லீவுக்கு வந்தால் திரும்பிப் போகும் நாளைத் தள்ளிப்போடுவாள். இரவில் நூலகம் பூட்டும்வரை அறைக்குப் போக மாட்டாள். அறையைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுவாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியது, வீட்டுக்குச் சொல்லுமுன் அவள் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவர்.

அந்தப் பெரியவராக எங்கள் சங்கம் இருக்க முடியும். நாங்கள் கேட்பது மிகச் சிறிய ஏற்பாடு. எங்கள் பிள்ளைகள் படிக்கப் போகும் ஒவ்வொரு நகரத்திலும், கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், லண்டன், ரொறன்ரோ எங்கும், இரண்டு பழைய மாணவிகளின் பெயர் செயலாளரிடம் இருக்கட்டும். ஒருவருக்கு வேலை என்றால் மற்றவர் போகலாம். அவர்கள் செய்ய வேண்டியது மூன்று. பிள்ளை எடுக்க நினைக்கும் அறையை முற்பணம் கட்டுவதற்கு முன் இரவில் ஒரு தரம் போய்ப் பார்ப்பது. முதல் மாத முடிவில் பிள்ளையை வெளியே கூட்டிப்போய் ஒரு தேநீர் குடித்து, அறை எப்படி என்று கேட்பது. வெளியேற வேண்டி வந்தால் இரண்டு இரவு தன் வீட்டில் இடம் கொடுப்பது. பிள்ளை யாரோடு பேசுகிறாள், என்ன உடுக்கிறாள் என்று பார்ப்பது அவர்களுடைய வேலையல்ல. அதைச் செய்யத் தொடங்கினால் அடுத்த முறை பிள்ளை தொலைபேசியை எடுக்க மாட்டாள்.

வீட்டுக்காரருக்கும் இது ஒரு செய்தி. வயதான பெண் ஒருவர் வந்து யன்னல் கொண்டியை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார் என்றால், இந்தப் பிள்ளைக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கும்.

இந்த வருடம் உயர்தரப் பெறுபேறு வருவதற்கு முன்பே பெயர்களைத் தாருங்கள். மண்டப வாசலில் செயலாளர் கொப்பியோடு இருக்கிறார். இந்த மலரைத் தூரத்திலிருந்து படிக்கும் சகோதரிகள் கடிதத்தில் பெயரும் நகரமும் எழுதி அனுப்பினால் போதும்.